டெண்டர் கிடைக்காதவருக்கு என்ன எழுதுவது? நான்கு வழிகளும் அவற்றில் கசியும் விலையும்

டெண்டரை ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கொள்முதல் பிரிவுகளில் இந்த வேலை பெரும்பாலும் கடைசியில், பணி ஆணை போன பிறகு, யாராவது அவசரமாகத் தட்டி அனுப்பும் மின்னஞ்சலாக முடிந்துவிடுகிறது. அந்தச் சின்ன மின்னஞ்சலுக்குள் இரண்டு தேவைகள் மோதுகின்றன. கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது தெரிய வேண்டும். மற்றவர் என்ன விலை கொடுத்தார் என்பது தெரியக் கூடாது.

விலையை யாரும் நேராக எழுதிவிடுவதில்லை. காரணம் சொல்லப் போய், விலையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தகவல் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. அதனால் வழக்கத்தில் இருக்கும் நான்கு வழிகளையும், எதில் எவ்வளவு கசிகிறது என்ற கோணத்திலேயே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்வோம். இங்கே பேசுவது மூடிய உறையில் விலை வாங்கி, அதை ரகசியமாகவே வைத்திருக்கும் நிறுவனங்களின் டெண்டர் பற்றி. பொதுப் பணத்தில் நடக்கும் கொள்முதலில் விதியே வேறாக இருக்கலாம். உதாரணமாக, உலக வங்கி நிதியில் நடக்கும் கொள்முதலில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மற்றவர்கள் முறையிட அவகாசம் தரும் காத்திருப்புக் காலம் பொருந்தும் இடங்களில், ஒப்பந்தம் வழங்கப் போவதாக அனுப்பும் அறிவிப்பிலேயே வென்றவரின் பெயரும் விலையும் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளில், தேர்வானவரின் பெயரையும் அவருடைய ஒப்பந்தப்புள்ளியின் சாதகங்களையும் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும். வணிக நலனையோ நியாயமான போட்டியையோ கெடுக்கும் தகவலை நிறுத்தி வைக்கலாம். ஆகவே உங்கள் டெண்டரை எந்த விதி கட்டுப்படுத்துகிறது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். விலையை வெளியிட வேண்டும் என்று விதி சொன்னால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது.

ஓர் உதாரணம்

ஒரு குளிர்பதனக் கிடங்கு, தன் அம்மோனியா குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்க மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொழில்நுட்பத்துக்கு 60 மதிப்பெண், விலைக்கு 40. விலை மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறை டெண்டர் ஆவணத்திலேயே அச்சாகியிருக்கிறது:

விலை மதிப்பெண் = 40 × (வந்தவற்றில் மிகக் குறைந்த விலை ÷ உங்கள் விலை)

பரவலாகப் பயன்படும் சூத்திரம்தான். மூன்று பேர் போட்டியிட்டார்கள்.

| நிறுவனம் | தொழில்நுட்பம் (60) | விலை (லட்சம்) | விலை மதிப்பெண் (40) | மொத்தம் |
|---|---|---|---|---|
| அ | 54 | 50 | 32 | 86 |
| ஆ | 41 | 40 | 40 | 81 |
| இ | 48 | 44 | 36.36 | 84.36 |

‘அ’வுக்குக் கிடைத்தது. விலையில் அவர்தான் அதிகம், ஆனால் வேலைத்திறனில் முன்னே நிற்கிறார். இப்போது ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் எழுத வேண்டும்.

வழி ஒன்று: காரணமே சொல்லாத ஒரு வரி

"தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

கடிதத்திலிருந்து எதுவும் கசியாது. பத்து இருபது பேரிடம் விலை கேட்டு வாங்கும் சின்னச் சின்னக் கொள்முதலுக்கு இது போதும், அதற்கு மேல் எழுதினால் நேர விரயம். ஆனால் ஒரு நிறுவனம் ஆள் அனுப்பிக் கிடங்கைப் பார்வையிட்டு, நாற்பது பக்கம் தயார் செய்து, வைப்புத்தொகையும் கட்டியிருக்கிறது என்றால், இந்த ஒரு வரியோடு அவர்கள் நிற்க மாட்டார்கள். தொலைபேசியை எடுப்பார்கள். கிடங்கு மேலாளரையோ கணக்குப் பிரிவில் தெரிந்தவரையோ பிடிப்பார்கள். அங்கே வரும் பதில் இப்படி இருக்கும்: "உங்களுக்கு விலை கொஞ்சம் அதிகம் சார், இன்னொருத்தர் நாற்பதுக்கே தந்தாங்க."

கடிதம் விலையைக் காப்பாற்றியது, வாய் கொடுத்துவிட்டது. காரணம் எழுத்தில் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்வார்கள். அதனால்தான், பெரிய டெண்டருக்கு இது பாதுகாப்பான வழி என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை.

வழி இரண்டு: மதிப்பெண் பட்டியலை அப்படியே கொடுப்பது

வெளிப்படைத்தன்மையை விரும்பும் நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. விலையை மறைத்துவிட்டு மதிப்பெண்களை மட்டும் காட்டுகிறோமே, என்ன தவறு என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

‘இ’க்கு எழுதும்போது "உங்கள் விலை மதிப்பெண் 36.36" என்று சொல்கிறீர்கள். அது அவருடைய சொந்த மதிப்பெண்தான், வேறு யாருடையதும் இல்லை. ஆனால் அவருக்குத் தன் விலை 44 லட்சம் என்று தெரியும், சூத்திரமும் கையில் இருக்கிறது. 36.36ஐ 40ஆல் வகுத்து 44ஆல் பெருக்கினால் 40 லட்சம் வருகிறது. மிகக் குறைந்த விலை அகப்பட்டுவிட்டது. அது வென்றவரின் விலைகூட இல்லை, ‘ஆ’வின் விலை. இந்தப் போட்டியில் தோற்றுப்போன இன்னொருவரின் விலையை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, தசமத்தை விட்டுவிட்டு 36 என்று முழு எண்ணாகச் சொன்னால்? 36 என்றால் உண்மை மதிப்பெண் 35.5க்கும் 36.5க்கும் இடையில் இருக்கும். அதே கணக்கைப் போட்டால் குறைந்த விலை ஏறக்குறைய 39.05 லட்சத்துக்கும் 40.15 லட்சத்துக்கும் நடுவில் வருகிறது. ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய இடைவெளி. அடுத்த முறை விலை போடுபவருக்கு இது போதும்.

விலை மதிப்பெண்ணை விட்டுவிட்டு மொத்தத்தை மட்டும் சொல்லலாம் என்றாலும் தப்ப முடியாது. தொழில்நுட்ப மதிப்பெண் 48, மொத்தம் 84.36 என்று இரண்டையும் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘ஆ’வின் நிலைமை இன்னும் மோசம். அவருடைய தொழில்நுட்பம் 41, மொத்தம் 81 என்று சொன்னால், விலைக்கு முழு 40 கிடைத்திருக்கிறது, அதாவது தான்தான் மிகக் குறைவு என்று தெரிந்துகொள்வார். அடுத்த டெண்டரில் அந்த விலையை அவர் கொஞ்சம் உயர்த்தப் பார்ப்பார், நஷ்டம் உங்களுக்கு. கூடவே நல்ல எண்ணத்தில் "வென்றவர் தொழில்நுட்பத்தில் 54, மொத்தம் 86" என்றும் சேர்த்துவிட்டால், வென்றவரின் விலை மதிப்பெண் 32 என்று கிடைத்துவிடும். 40ஐ 32ஆல் வகுத்து, தன் விலையான 40 லட்சத்தால் பெருக்கினால் 50 லட்சம். துல்லியமான விடை, பைசா பிசகாமல்.

வேறு சூத்திரம் வைத்திருந்தால் கணக்கு மாறும், ஆனால் மற்றவர் விலையோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறீர்கள் என்றால் ஏதோ ஒரு வடிவில் திரும்பக் கணக்கிட முடியும். சராசரி விலையோடு ஒப்பிடும் முறையில் சராசரி வெளிவரும். போட்டியில் இரண்டே பேர் என்றால் சராசரி தெரிந்தாலே மற்றவரின் விலை தெரிந்தது போலத்தான்.

இந்த வழியில் மீட்க முடிந்தது ஒன்று இருக்கிறது: அவருடைய தொழில்நுட்ப மதிப்பெண். 60க்கு 48 என்பதிலிருந்து யாருடைய விலையும் வராது. அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வழி மூன்று: அவருடைய ஒப்பந்தப்புள்ளியை வைத்தே காரணம் சொல்வது

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணம் முழுக்க அவர் கொடுத்த தாள்களிலிருந்தும், டெண்டர் ஆவணம் கேட்டதிலிருந்தும் வருகிறது. மூன்றாமவர் யாரும் வாக்கியத்துக்குள் வருவதில்லை. ‘இ’க்குப் போகும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"குளிரூட்டிப் பராமரிப்பு டெண்டரில் பங்கேற்றதற்கு நன்றி. ஒப்பந்தம் வேறொரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுள்ளது. தொழில்நுட்பப் பகுதியில் தங்களுக்கு 60க்கு 48 மதிப்பெண் கிடைத்தது. பழுது நேர்ந்தால் வந்து சேரும் நேரமும் பணியாளர் திட்டமும் கேட்டபடி இருந்தன. அம்மோனியா இயந்திர அனுபவம் என்ற பிரிவில், தாங்கள் காட்டிய நான்கு பணிகளில் ஒன்று மட்டுமே அம்மோனியா சார்ந்தது என்பதால் மதிப்பெண் குறைந்தது. விலைகள் ஆவணத்தில் சொன்ன முறைப்படி மதிப்பிடப்பட்டன. எவருடைய விலையையும் விலை மதிப்பெண்ணையும் மொத்த மதிப்பெண்ணையும் நாங்கள் வெளியிடுவதில்லை. தங்கள் வைப்புத்தொகை திருப்பி அனுப்பப்படுகிறது."

‘ஆ’வுக்கும் இதே அமைப்பு. காரணம் மட்டும் மாறும்: விடுமுறை நாளில் பழுதானால் அடுத்த வேலை நாளில் வருவதாக அவர் எழுதியிருந்தார், கையிருப்பில் வைக்கும் உதிரிபாகங்களின் பட்டியலும் தரவில்லை. குளிர்பதனக் கிடங்கில் ஒரு நாள் தாமதம் என்றால் உள்ளே இருக்கும் சரக்கு கெட்டுவிடும். அந்தக் காரணத்தை அவர் வாதிடாமல் ஏற்பார்.

விலை பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு கடிதங்களிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ‘இ’க்கு விலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு ‘ஆ’வுக்குச் சொல்லாமல் விட்டால், அந்த மௌனமே ஒரு தகவல். ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "தங்கள் விலை அதிகம்" என்பது பல அலுவலகங்களில் யோசிக்காமல் எழுதும் காரணம். யாரும் கோபப்பட மாட்டார்கள், தரத்தைக் குறை சொன்ன மாதிரியும் இல்லை என்ற எண்ணம். நம் உதாரணத்தில் ‘இ’க்கு அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும். வென்றவர் அவரைவிட அதிக விலை கொடுத்தவர். இது ஒரு நாள் வெளியே வந்தால், முழு மதிப்பீட்டின் மீதும் சந்தேகம் விழும். "மிகச் சிறிய வித்தியாசத்தில் தவறியது" என்ற ஆறுதல் வார்த்தையும் வேண்டாம். "அப்படியா, இன்னும் இரண்டு லட்சம் குறைக்கிறேன்" என்ற பதில் அடுத்த நாளே வரும், முடிந்துபோன டெண்டரை மீண்டும் திறக்கச் சொல்லி.

இந்த வழியில் தவறு நேர்வது வேறொரு இடத்தில். கடிதம் எழுதுபவர் மதிப்பீட்டுக் குழுவில் இருந்திருக்க மாட்டார். காரணத்தைத் தானே யோசித்து எழுதுவார். "தங்கள் நிறுவனம் எங்கள் தேவைக்குச் சிறியது" என்று எழுதுகிறார், ஆனால் நிறுவனத்தின் அளவு டெண்டர் ஆவணத்தில் அளவுகோலாகவே இல்லை. சொல்லாத அளவுகோலை வைத்து மதிப்பிட்டதாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: கடிதத்தில் வரும் ஒவ்வொரு காரணத்துக்கும் மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும், அந்த வரியில் குழு எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரணத்தை எடுத்துவிடுங்கள். குழு மதிப்பெண் போடும்போதே, ஏன் குறைத்தோம் என்று அவர்களை ஒரு வரி எழுத வைத்துவிட்டால் கடிதம் பாதி எழுதி முடித்த மாதிரி.

வழி நான்கு: நேரில் அல்லது தொலைபேசியில் விளக்குவது

மதிப்பான ஒப்பந்தங்களில், அடுத்த முறையும் வர வேண்டும் என்று நீங்கள் விரும்பும் நிறுவனத்துக்கு இது நல்லது. கடிதத்துக்குப் பதிலாக என்றால் வேண்டாம். கடிதம் போன பிறகு, அவர் கேட்டால் மட்டும்.

கசிவு அதிகம் நடக்கக்கூடிய வழியும் இதுதான், ஏனென்றால் எதிரில் இருப்பவர் விற்பனை ஆள், கேள்வி கேட்பது அவர் தொழில். "எண்ணைச் சொல்ல வேண்டாம், நாங்கள் ஐம்பதுக்கு மேலே இருந்தோமா கீழே இருந்தோமா?" என்பார். நீங்கள் சிரித்தால்கூடப் பதில்தான். "பத்து சதவீதம் குறைத்திருந்தால் கிடைத்திருக்குமா?" என்பது அதே கேள்வியின் இன்னொரு உருவம். இவற்றுக்கு ஒரே பதிலை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் ஒரே தற்காப்பு: "எந்த விலையோடும் ஒப்பிட்டுப் பேச முடியாது, உங்கள் விலையையும் யாரிடமும் அப்படிப் பேச மாட்டோம்." இரண்டாவது பாதியைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், அவருக்கும் அது வேண்டும் இல்லையா.

உங்கள் தரப்பில் இரண்டு பேர் உட்காருங்கள், ஒருவர் பேச, ஒருவர் குறிப்பெடுக்க. மேசையில் அவருடைய மதிப்பீட்டுத் தாள் மட்டும் இருக்கட்டும். மூவரின் ஒப்பீட்டு அட்டவணையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்; தலைகீழாக எண் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு.

விலை மட்டுமே அளவுகோல் என்றால்

மேலே சொன்னதெல்லாம் தரத்துக்கும் மதிப்பெண் இருக்கும் டெண்டருக்குச் சரி. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்கே கொடுப்போம் என்று அறிவித்த டெண்டரில் சொல்லக் காரணம் ஒன்றுதான். "தங்கள் ஒப்பந்தப்புள்ளி தகுதி பெற்றது; மதிப்பிட்ட விலைகளில் அது மிகக் குறைந்ததாக இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வதே சரி. இதில் ஒரு தகவல் போகிறது, ஆனால் அது ஆவணத்தில் அறிவித்த விதியிலிருந்தே அவர் ஊகிக்கக்கூடியதுதான். சதவீதம், வரிசை எண், "கணிசமாக", "ஓரளவு" எல்லாம் இதற்கு மேல் போகும் கசிவு. இரண்டே பேர் போட்டியிட்ட இடத்தில் "எட்டு சதவீதம் அதிகம்" என்பது விலையைச் சொன்னதற்குச் சமம்.

அவருக்கு உதவ நினைத்தால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. சில சமயம் விலை கூடியதற்குக் காரணம், ஆவணத்தைத் தவறாகப் படித்தது. கம்ப்ரஸர் எண்ணெயைக் கிடங்கே வாங்கித் தரும் என்று ஆவணம் சொல்கிறது, அவர் அதையும் தன் விலையில் சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை டெண்டர் முடிந்த பின் சுட்டிக்காட்டலாம். ஒப்பிடுவது அவர் தாளையும் உங்கள் ஆவணத்தையும் மட்டுமே. அதற்காக உங்கள் உள் மதிப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டுக் காட்டிவிடாதீர்கள். அது போட்டியாளரின் விலை இல்லைதான், ஆனால் அடுத்த முறை எல்லோரும் அந்தத் தொகையை ஒட்டியே வந்து நிற்பார்கள்.

எப்போது அனுப்புவது, எப்படி

வென்றவர் எழுத்து மூலம் ஏற்ற பிறகு, மற்ற அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்புவதுதான் என் பரிந்துரை. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இரண்டாம் இடத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு, முதலாமவர் பின்வாங்கினால் கைகொடுப்பார் என்று. அது தேவை என்றால் மறைக்காமல் "விலை செல்லுபடியாகும் காலம் முடியும்வரை தங்கள் ஒப்பந்தப்புள்ளியை வைத்திருக்க விரும்புகிறோம், சம்மதமா" என்று கேட்பது மேல். ஆனால் அவருடைய வைப்புத்தொகையும் அதுவரை உங்களிடம் முடங்கியிருக்கும், அதனால் மாதக் கணக்கில் இழுக்க முடியாது.

கடிதத்தைத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே மின்னஞ்சலில் எல்லோர் முகவரியையும் போட்டு அனுப்பி, யார் யார் போட்டியிட்டார்கள் என்று ஊருக்கே அறிவித்துவிடுவது இன்னும் நடக்கிறது. மதிப்பெண் தாளை எக்ஸெல் கோப்பாக இணைக்கவே வேண்டாம். மறைத்து வைத்த பத்தியும் பக்கமும் ஓரிரு சொடுக்கில் திறந்துகொள்ளும். தேவையான வரியை மட்டும் கடிதத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. டெண்டரில் சம்பந்தப்படாத, கணக்கு தெரிந்த ஒரு சக ஊழியரிடம் மூன்று தாள்களைக் கொடுங்கள்: கடிதம், அந்த நிறுவனம் கொடுத்த விலை, டெண்டர் ஆவணத்தின் சூத்திரம் உள்ள பக்கம். "மற்றவர்கள் என்ன விலை போட்டிருப்பார்கள் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். அப்புறம் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்து மறுபடி கேளுங்கள். அவர் ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால், எந்த வாக்கியத்திலிருந்து அது வந்தது என்று கேட்டு, அந்த வாக்கியத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.